இன்ஸ்டாகிராமிலிருந்து வந்த இரண்டே பேர்: ஒரு டெமோ காணொளியின் கணக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து டியூஷன் சென்டர்களுக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். பிள்ளைகளின் வருகைப் பதிவு, மாதக் கட்டணம், கட்டியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ரசீது, அவ்வளவுதான். அதற்குத் தமிழில் 2 நிமிடம் 40 விநாடிக்கு ஒரு டெமோ காணொளி எடுத்தோம். முழுக் காணொளி யூடியூபில் இருந்தது. 40 விநாடித் துண்டு ஒன்று இன்ஸ்டாகிராமுக்குப் போனது. வாட்ஸ்அப் குழுக்களில் செய்தியோடு இணைப்பை மட்டும் போட்டோம். மூன்றும் ஒரே பக்கத்தில்தான் வந்து இறங்கும்: `/demo`. அந்தப் பக்கத்திலும் முழுக் காணொளி உண்டு, அதன் கீழே பதிவுப் படிவம்.

இணைப்புகளுக்கு வால் ஒட்டியது என் வேலை, அதாவது முகவரியின் முடிவில் கேள்விக்குறிக்குப் பிறகு, வருபவர் எங்கிருந்து வருகிறார் என்று சொல்லும் குறிப்புகளைச் சேர்ப்பது. `utm_source` என்பதில் இடத்தின் பெயர், `utm_medium` என்பதில் `social` அல்லது `video`, `utm_campaign` என்பதில் `demo_v1`, `utm_content` என்பதில் ஸ்டோரியா, பயோவா, யூடியூப் விவரக்குறிப்பா என்பது. எல்லாம் சிறிய எழுத்தில்தான், ஏனென்றால் கூகுள் அனலிட்டிக்ஸுக்கு `Instagram` வேறு, `instagram` வேறு. கை தவறினால் ஒரே இடம் இரண்டு வரிசையாகப் பிரிந்து நிற்கும்.

பதினான்கு நாள் கழித்து அறிக்கையைத் திறந்தோம். மொத்தம் 612 வருகைகள், 53 பதிவுகள். யூடியூபிலிருந்து 96 வருகை, 19 பதிவு. வாட்ஸ்அப்பிலிருந்து 118 வருகை, 6 பதிவு. இன்ஸ்டாகிராமிலிருந்து 214 வருகை, 2 பதிவு. மிச்சம் 184 வருகையும் 26 பதிவும் `(direct) / (none)` என்ற வரிசையில்.

எங்கள் மூவரில் மூத்தவரான கூட்டாளி அண்ணன் ஒரே பார்வையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இருநூறு பேர் வந்து ரெண்டு பேர்தான் சேர்ந்திருக்காங்க. இன்ஸ்டாகிராம்ல காசு போடுறத நிறுத்திடுவோம் தம்பி."

அந்த அட்டவணையை அப்படியே நம்பினால் அவர் சொன்னது சரிதான். எனக்கு உறுத்தியது இன்ஸ்டாகிராம் வரிசை இல்லை, அதற்குக் கீழே இருந்த நேரடி வரிசை. பதிவானவர்களில் பாதிப் பேர் எந்த இணைப்பையும் தொடாமல் தாங்களாகவே வந்தார்கள் என்கிறது அறிக்கை. மூன்று மாதம்கூட ஆகாத, யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மென்பொருளின் முகவரியை இத்தனை பேர் எங்கிருந்து நினைவில் வைத்துத் தட்டினார்கள்?

'நேரடி' என்ற பெயரே நம்மை ஏமாற்றும். எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாரையும் போட்டு வைக்கும் கூடை அது. ஒருவர் முன்பு பிரசார இணைப்பு வழியாக வந்து, அதே பிரௌசரில் மறுநாள் முகவரியைத் தட்டி வந்தால், அனலிட்டிக்ஸ் பின்னோக்கிப் பார்த்து அந்தப் பழைய இணைப்புக்கே கணக்கைக் கொடுக்கும். ஆக, கூடையில் விழுந்தவர்கள் ஒன்று வாலை இழந்து வந்தவர்கள், இல்லையென்றால் வேறு பிரௌசரிலிருந்து வந்தவர்கள். இரண்டையும் பிரிப்பதற்கு எளிய வழி, அந்த 26 பதிவுகளும் எந்தப் பக்கத்தில் வந்து இறங்கின என்று பார்ப்பது.

பார்த்தேன். ஐந்து `/demo` பக்கத்தில். இரண்டு முகப்புப் பக்கத்தில். பத்தொன்பது `/welcome` பக்கத்தில்.

முதலில் அந்த ஐந்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணன் ஒரு குழுவில் இணைப்பைக் கையால் தட்டிப் போட்டிருந்தார், `www` இல்லாமல். எங்கள் சர்வர் அப்படி வருபவர்களை `www` உள்ள முகவரிக்குத் திருப்பி அனுப்பும். திருப்பும்போது வால் அறுந்துபோகிறதா என்பதை ஒரே கட்டளையில் பார்த்துவிடலாம் (எங்கள் முகவரிக்குப் பதில் மாதிரி முகவரி போட்டிருக்கிறேன்):

```
curl -sI "https://example.com/demo?utm_source=whatsapp" | grep -i location
location: https://www.example.com/demo
```

கேள்விக்குறிக்குப் பிறகு இருந்தது எதுவும் திரும்பி வரவில்லை. சர்வரின் என்ஜின்எக்ஸ் அமைப்பில் `$uri` என்று எழுதியிருந்த இடத்தில் `$request_uri` என்று மாற்றினேன். முன்னது பாதையை மட்டும் தரும், பின்னது வாலோடு தரும். எழுதியவன் நான்தான் என்பதால் யாரிடமும் சொல்லாமல் திருத்தினேன்.

இனி அந்தப் பத்தொன்பது. `/welcome` என்பது பதிவு முடிந்த பிறகு வரும் பக்கம். மின்னஞ்சல் வழியாகப் பதிபவர்களுக்கு ஓர் உறுதிப்படுத்தும் இணைப்பு போகும். அதைத் தட்டினால் இந்தப் பக்கம் திறக்கும். பதிவு நடந்ததை அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் `sign_up` நிகழ்வை நான் இங்கேதான் வைத்திருந்தேன், உறுதி செய்தவர்களை மட்டும் எண்ணலாம் என்று. ஒருவருடைய வருகை `/welcome` பக்கத்தில் தொடங்குகிறது என்றால் என்ன பொருள்? அவர் படிவத்தை ஒரு பிரௌசரில் நிரப்பினார், உறுதிப்படுத்தும் இணைப்பை வேறொரு பிரௌசரில் திறந்தார். இன்ஸ்டாகிராமுக்குள் இணைப்பைத் தட்டினால் அது கைப்பேசியின் குரோமையோ சஃபாரியையோ திறப்பதில்லை. செயலிக்குள்ளேயே ஒரு குட்டிப் பிரௌசர் திறக்கும். அதற்குத் தனிக் குக்கி. ஜிமெயிலில் வந்த இணைப்போ குரோமில் திறக்கும். குரோமைப் பொறுத்தவரை இவர் இன்றுதான் முதன்முதலாக வருகிறார், எங்கிருந்து என்று தெரியாது. வந்த கணமே பதிவு ஒன்று நடக்கிறது. கணக்கு நேரடிக் கூடைக்குப் போகிறது.

இது ஊகம்தானே என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சர்வரின் பதிவேட்டில் விடை இருந்தது. படிவம் அனுப்பப்படும்போது சர்வருக்கு வரும் வேண்டுகோளில், எந்தப் பக்கத்திலிருந்து அனுப்பப்பட்டது என்ற குறிப்பும் வரும். ஒரே தளத்துக்குள் என்பதால் அந்த முகவரி முழுதாக, வாலோடு வரும். கணக்கு உருவான நேரத்தையும் பதிவேட்டின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். ஒரு மத்தியானம் போனது. பதினைந்து பேர் இன்ஸ்டாகிராம். மீதி நால்வரில் இருவர் யூடியூப், இருவர் வாட்ஸ்அப். இவர்கள் கைப்பேசியில் படிவத்தை நிரப்பிவிட்டு மின்னஞ்சலைக் கணினியில் திறந்தவர்கள்.

ஆக, இன்ஸ்டாகிராமிலிருந்து சேர்ந்தவர்கள் 2 பேர் இல்லை, 17 பேர். 214க்கு 17, ஏறத்தாழ 8 விழுக்காடு. இங்கே நிறுத்தியிருந்தாலே நிறுத்தப்படவிருந்த பணம் தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் மக்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது.

படிவத்தில் இரண்டு வழிகள் இருந்தன. மேலே பெரிதாக 'கூகுள் கணக்கில் தொடர்க' என்ற பொத்தான். கீழே சிறிய எழுத்தில் 'மின்னஞ்சலில் பதிக'. எதைத் தட்டினாலும் `signup_click` என்று ஒரு நிகழ்வு போகும்படி வைத்திருந்தேன், எந்த வழி என்ற குறிப்போடு. இன்ஸ்டாகிராம் வருகைகளில் 63 பேர் ஏதோ ஒன்றைத் தட்டியிருக்கிறார்கள். மின்னஞ்சலைத் தட்டியவர்கள் 19 பேர், முடித்தவர்கள் 15. கூகுள் பொத்தானைத் தட்டியவர்கள் 44 பேர், முடித்தவர்கள் 2.

யூடியூப் வழி வந்தவர்கள் அதே பொத்தானைத் தட்டினால் பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். ஒரே பக்கம், ஒரே பொத்தான், ஓர் இடத்து மக்களுக்கு மட்டும் வேலை செய்யவில்லை. இப்படி ஒரு பள்ளம் தெரிந்தால் அறிக்கையைப் பிரௌசர் வாரியாகப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். தட்டிவிட்டு முடிக்காதவர்கள் எல்லாரும் `Android Webview` அல்லது `Safari (in-app)`. முடித்த இருவரும் சாதாரணக் குரோம். பக்கத்தை வெளியே திறந்துகொண்டவர்கள் போலிருக்கிறது.

அறிக்கையில் பார்த்ததை நேரில் பார்த்தது செந்தூலில். எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் ஓர் அக்கா அங்கே ஒரு கடைவீட்டு மாடியில் டியூஷன் நடத்துகிறார். வேறு வேலையாகப் போயிருந்தேன். பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் இருந்தது. கீழேயிருந்து தே தாரிக் வாங்கி வைத்திருந்தார். "அக்கா, நீங்க எப்படிச் சேர்ந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இன்ஸ்டாகிராம்லதான் பார்த்தேன் தம்பி. ஆனா சேரவே முடியல."

அவர் கைப்பேசியிலேயே மறுபடியும் செய்து காட்டச் சொன்னேன். ஸ்டோரியில் இருந்த இணைப்பைத் தட்டினார், பக்கம் வந்தது, காணொளியைத் தாண்டிக் கீழே இறங்கி அந்தப் பெரிய பொத்தானைத் தட்டினார். ஒரு விநாடி வெள்ளைத் திரை. பிறகு `Access blocked`, அதற்குக் கீழே `Error 403: disallowed_useragent`. தமிழ் ஆசிரியையான அக்கா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "என்னைத்தான் வேணாங்குதுன்னு நினைச்சேன். அப்புறம் ராத்திரி கம்ப்யூட்டர்ல உங்க பேரத் தட்டித் தேடிச் சேர்ந்தேன்."

செயலிக்குள் திறக்கும் குட்டிப் பிரௌசர்களில் கூகுள் தன் உள்நுழைவை அனுமதிப்பதில்லை. திரையைச் சுற்றியிருக்கும் செயலி கடவுச்சொல்லை எட்டிப் பார்க்க வாய்ப்பு உண்டு என்பதால் வைத்த விதி, 2021லிருந்து கண்டிப்பாகவே நடைமுறையில் இருக்கிறது. விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பொத்தானை மேலே பெரிதாக வைத்தது எங்கள் தவறு. நாங்கள் மூவரும் பக்கத்தைச் சோதித்தது எல்லாம் மடிக்கணினியில், இல்லையென்றால் கைப்பேசியின் குரோமில். எங்கள் இணைப்பை எங்கள் ஸ்டோரியிலிருந்தே தட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

திருத்தங்கள் இரண்டு. ஒன்று பக்கத்துக்கு:

```
const inApp = /Instagram|FBAN|FBAV/.test(navigator.userAgent);
if (inApp) document.querySelector("#google-btn").hidden = true;
```

இப்படி வருபவர்களுக்குக் கூகுள் பொத்தான் மறைந்து, மின்னஞ்சல் பெட்டி மேலே வரும். `FBAN`, `FBAV` இரண்டும் ஃபேஸ்புக் செயலியின் அடையாளங்கள். அங்கேயும் இதே கதைதான்.

மற்றது கணக்குக்கு. வால் என்ன சொல்கிறது என்பதை வந்து இறங்கிய உடனேயே எடுத்து வைத்து, படிவத்தின் மறைவான பெட்டியில் போட்டு, மின்னஞ்சல் முகவரியோடு அதே வரிசையில் தரவுத்தளத்தில் எழுதிவிடுவது:

```
const p = new URLSearchParams(location.search);
if (p.get("utm_source")) {
  localStorage.setItem("src",
    p.get("utm_source") + "/" + p.get("utm_content"));
}
```

இதற்குப் பிறகு அவர் உறுதிப்படுத்தும் இணைப்பை எந்தக் கருவியில் திறந்தாலும் கவலை இல்லை. எங்கிருந்து வந்தார் என்பது முதல் படியிலேயே எழுதப்பட்டுவிட்டது. `sign_up` நிகழ்வையும் படிவம் அனுப்பும் இடத்துக்கு நகர்த்தி, உறுதி செய்வதற்கு `email_confirmed` என்று தனியாக ஒன்று வைத்தேன். இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்கிரிப்ட் எழுதி வைத்ததை, அந்தத் தளத்தைத் தொடாமல் ஏழு நாள் கடந்தால் சஃபாரி அழித்துவிடும். இன்று பார்த்து அடுத்த மாதம் சேர்பவரை இது பிடிக்காது.

உறுதிப்படுத்தும் இணைப்பிலேயே `utm_source=email` என்று ஒட்டிவிடலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஒட்டியிருந்தால் நேரடிக் கூடை பெரும்பாலும் காலியாகியிருக்கும், அந்தப் பத்தொன்பது பதிவும் மின்னஞ்சலின் புண்ணியத்தில் நடந்ததாக அறிக்கை சொல்லியிருக்கும். ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பதுதான் அது.

இன்னொரு சின்ன வேலையும் வந்தது. வந்த வழியை ஒருவருடைய மின்னஞ்சலோடு சேர்த்து வைத்தால் அது அவருடைய தனிப்பட்ட தரவு ஆகிவிடுகிறது. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கான அறிவிப்பை மலாயிலும் ஆங்கிலத்திலும் தர வேண்டும். எங்கள் பக்கம் முழுவதும் தமிழில் இருந்தது. அறிவிப்பை மட்டும் அந்த இரண்டு மொழிகளிலும் சேர்த்தோம்.

அடுத்த பதினான்கு நாளில் இன்ஸ்டாகிராம் வழி 230 வருகை, 26 பதிவு. யூடியூப் வழி 150 வருகை, 35 பதிவு. இப்போது எண்கள் ஓரளவு நம்பக்கூடியவை. அப்போதுதான் அண்ணன் உண்மையான கேள்வியைக் கேட்டார். "சரி, அந்தக் காணொளியால ஏதாவது நடக்குதா இல்லையா?"

பக்கத்தில் இருக்கும் காணொளி யூடியூப் காணொளிதான், உள்ளே பதித்தது. அதன் முகவரியில் `enablejsapi=1` என்று இருந்தால், அனலிட்டிக்ஸ் தானாகவே `video_start` என்பதையும், 10, 25, 50, 75 விழுக்காட்டைத் தாண்டும்போது `video_progress` என்பதையும் பதிந்துகொள்ளும். அந்த இரண்டு இடத்து வருகைகளையும் சேர்த்து, பக்கத்தில் காணொளியை ஓட்டியவர்கள், ஓட்டாதவர்கள் என்று பிரித்தேன். ஓட்டியவர்கள் 130, சேர்ந்தவர்கள் 21. ஓட்டாதவர்கள் 250, சேர்ந்தவர்கள் 40. இரண்டும் 16 விழுக்காடு. காணொளியே வேண்டாம் என்று சொல்லும் கணக்கு இது.

ஆனால் யூடியூபிலிருந்து வருபவர் காணொளியை யூடியூபிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அங்கே பார்த்தது எங்கள் அனலிட்டிக்ஸில் பதிவாகாது. இங்கே வந்து அதையே மறுபடி எதற்கு ஓட்டப் போகிறார்? 150 பேரில் ஓட்டியவர்கள் 10 பேர்தான், அதில் சேர்ந்தவர்கள் 2. ஓட்டாத 140 பேரில் 33 பேர் சேர்ந்தார்கள். அறிக்கையில் 'பார்க்காதவர்கள்' என்று நிற்கும் கூட்டத்தில் பாதிக்கு மேல் முழுதாகப் பார்த்தவர்கள். இவர்களை ஒதுக்கிவிட்டு, 40 விநாடித் துண்டை மட்டும் பார்த்துவிட்டு வரும் இன்ஸ்டாகிராம்காரர்களைத் தனியாக எடுத்தால்தான் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. ஓட்டிய 120 பேரில் 19 பேர் சேர்ந்தார்கள், ஓட்டாத 110 பேரில் 7 பேர். ஏறக்குறைய 16 விழுக்காடு, 6 விழுக்காடு.

அண்ணன் மேசையைத் தட்டினார். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன். ஏற்கெனவே ஆர்வம் உள்ளவர்தான் ஓட்டிப் பார்ப்பார். ஆர்வம்தான் இரண்டையும் செய்ய வைத்ததா, காணொளி ஆர்வத்தை உண்டாக்கியதா என்று இந்த எண்கள் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டுமானால் வருபவர்களில் பாதிப் பேருக்குக் காணொளி இல்லாத பக்கத்தைக் காட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு வரும் கூட்டத்துக்கு அந்தச் சோதனை மாதக்கணக்கில் ஓடினால்தான் ஏதாவது தெரியும். செய்யவில்லை.

அதற்குப் பதிலாக, சேர்ந்த அந்த 19 பேர் எதுவரை பார்த்தார்கள் என்று பார்த்தேன். 16 பேர் 75 விழுக்காட்டைத் தாண்டியிருந்தார்கள், அதாவது இரண்டு நிமிடத்தை. பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு ரசீது போய்ச் சேரும் காட்சி 1:30ல் தொடங்குகிறது. பாதிக்குள், அதாவது 1:20க்குள், விட்டுப் போனவர்களில் ஒருவரும் சேரவில்லை. இதுவும் நிரூபணம் இல்லை, ஆனால் ரசீதுக் காட்சியை முன்னால் கொண்டுவருவதற்கு இவ்வளவு போதும் என்று மூவருக்கும் தோன்றியது. அந்த வெட்டு இப்போது எடிட்டிங் செய்யும் தம்பியிடம் இருக்கிறது.

புது வெட்டின் கடைசி ஐந்து விநாடிக்கு `example.com/w` என்பது போல ஒரு குட்டி முகவரியையும் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். யாரோ காணொளியையே இறக்கி, கோப்பாக வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பில் இணைப்பே இல்லை, வால் எங்கிருந்து வரும்? பார்த்தவர் தட்டக்கூடிய அளவுக்குச் சின்ன முகவரி ஒன்று இருந்தால், அது வாலோடு கூடிய பக்கத்துக்குத் திருப்பிவிடும், இந்த முறை அறுபடாமல்.

முகப்புப் பக்கத்தில் இறங்கிய அந்த இரண்டு பதிவுகளில் ஒன்று செந்தூல் அக்காவுடையது. தேதியையும் நேரத்தையும் வைத்துக் கண்டுபிடித்தேன். அவர் ராத்திரி கணினியில் தேடிச் சேர்ந்ததாகச் சொன்னார். தேடி வந்திருந்தால் கூகுள் தேடல் என்று வந்திருக்க வேண்டும். அறிக்கை நேரடி என்கிறது. போன வாரம் மறுபடி கேட்டேன். "தேடினேனா, பேரையே தட்டினேனா, இப்ப யாருக்குத் தம்பி ஞாபகம்?" என்றார். அவர் வரிசையில் `(direct) / (none)` என்றே விட்டுவைத்திருக்கிறேன்.